நானூறு இம்ப்ரெஷன்களை வைத்து என்ன சொல்லலாம்?

இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. யூடியூபில் ஒரு வீடியோவுக்கு இரண்டு தம்ப்நெயில்கள் செய்து, இரண்டையும் சில நூறு தடவை காட்டிப் பார்த்தாகிவிட்டது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது? நாளொன்றுக்கு லட்சம் தடவை காட்டப்படும் சேனலுக்கு இது பெரிய கேள்வியே இல்லை. எண்கள் குவிந்து அவையே பதில் சொல்லிவிடும். சிறிய சேனலுக்கு அந்த வசதி கிடையாது. அதனிடம் இருப்பது சில நூறு இம்ப்ரெஷன்களும் இருபது முப்பது கிளிக்குகளும்தான். இவ்வளவு குறைந்த தகவலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கைவிடுவதும் தவறு, கூடுதல் கிளிக் வாங்கிய படமே வென்றது என்று அறிவிப்பதும் தவறு என்பது என் வாதம். இரண்டுக்கும் நடுவே நேர்மையான ஒரு வழி இருக்கிறது. நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை எண்ணாக எழுதி வைத்துக்கொண்டு, புதிய தகவலை அதனோடு சேர்த்து, பிறகு ‘எது வென்றது’ என்று கேட்காமல் ‘தவறாகத் தேர்ந்தால் எவ்வளவு இழப்பேன்’ என்று கேட்பதே அந்த வழி.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தையல் கற்றுத்தரும் சிறிய சேனல் ஒன்று, பிளவுஸ் வெட்டும் முறை பற்றிய வீடியோவுக்கு இரண்டு தம்ப்நெயில்கள் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கற்றுத்தருபவரின் முகம் பெரிதாக இருக்கிறது, மற்றொன்றில் தைத்து முடித்த பிளவுஸ் இருக்கிறது. தம்ப்நெயிலின் பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் யூடியூப் அதை ஓர் இம்ப்ரெஷனாகக் கணக்கிடும். அப்படி 400 இம்ப்ரெஷன்களில் முகப் படத்துக்கு 16 கிளிக் வந்தது, பிளவுஸ் படத்துக்கு அதே 400 இம்ப்ரெஷன்களில் 24 கிளிக் வந்தது. கிளிக் விகிதம் முதலாவதுக்கு 4 சதவீதம், இரண்டாவதுக்கு 6 சதவீதம். பார்த்தவுடன் மனம் சொல்வது, ‘பிளவுஸ் படம் ஒன்றரை மடங்கு சிறந்தது’ என்பதே. ஆனால் இரண்டு படங்களின் உண்மையான விகிதமும் சரியாக 5 சதவீதமே என்று கொண்டு பார்த்தாலும், 400 தடவை காட்டும்போது ஒவ்வொன்றுக்கும் 20 கிளிக்தான் வரும் என்பதில்லை. 11 முதல் 29 வரை எங்கு வந்தாலும் அது இயல்பான தற்செயல் ஆட்டமே. சமமான இரண்டு படங்களுக்கு நடுவே 8 கிளிக்கோ அதற்கு மேலோ வேறுபாடு வருவது ஏறத்தாழ ஐந்து தடவைக்கு ஒரு தடவை நடக்கக்கூடியது. ஐந்தில் ஒரு தடவை நடப்பதை வெற்றி என்று அறிவிப்பவர், இல்லாத வெற்றிகளை அடிக்கடி அறிவித்துக்கொண்டிருப்பார்.

புள்ளியியல் பாடம் படித்தவர்கள் இந்த இடத்தில் எதிர்த்திசையில் தவறுவது உண்டு. வழக்கமான சோதனையைப் போட்டுப் பார்த்தால் இந்த எண்களுக்கு பி மதிப்பு 0.19 வரும். 0.05-க்குக் கீழே வரவில்லை, ஆகவே வேறுபாடு இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் அந்த 0.19, வேறுபாடு இல்லை என்று சொல்லவே இல்லை. வேறுபாடு இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட எண்கள் வரக்கூடும் என்பது மட்டுமே அதன் பொருள். 4-க்கும் 6-க்கும் இடையிலான வேறுபாட்டை, வழக்கமான கண்டிப்போடும் 80 சதவீதத் திறனோடும் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் 1,850-க்குச் சற்று மேற்பட்ட இம்ப்ரெஷன்கள் வேண்டும். 5-க்கும் 5.5-க்கும் இடையிலான வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 31,000. இம்ப்ரெஷன்கள் நூறு நூறாகவே சேரும் சேனல் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதோடு, காத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதுவரை ஏதோ ஒரு படம் திரையில் இருந்துகொண்டேதான் இருக்கும். நம்முன் உள்ள கேள்வி ஒரு விஞ்ஞான உண்மையை நிலைநாட்டுவது அல்ல, நாளைக்கு எந்தப் படத்தைப் போடுவது என்பதே. அந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தரும் கணக்கு நமக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு புதியதல்ல. தாமஸ் பேய்ஸ் 1761-இல் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்த கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் செப்பனிட்டு அனுப்ப, 1763-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. அதில் பேய்ஸ் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: ஒரு நிகழ்வு எத்தனை தடவை நடந்தது, எத்தனை தடவை நடக்கவில்லை என்று தெரிகிறது, அது நடக்கும் வாய்ப்பு குறிப்பிட்ட இரண்டு எல்லைகளுக்குள் இருக்கிறது என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? கிளிக் வந்தது இத்தனை, வராதது இத்தனை என்று கையில் வைத்துக்கொண்டு உண்மை விகிதத்தைத் தேடும் நம் சிக்கலும் இதுவே. அதன்பின் 1933-இல் வில்லியம் தாம்சன், பயோமெட்ரிகா இதழில் இன்னொரு படி முன்னே சென்றார். இரண்டு மாதிரிகளின் சான்றை வைத்து, தெரியாத ஒரு வாய்ப்பு தெரியாத இன்னொரு வாய்ப்பைவிடப் பெரிது என்பதற்கு எவ்வளவு இடமிருக்கிறது என்பதே அவருடைய கட்டுரையின் கேள்வி. அவர் மனத்தில் இருந்தது மருத்துவம். இரண்டு சிகிச்சைகளைச் சில நோயாளிகளிடம் மட்டுமே பார்த்திருக்கும் நிலையில் அடுத்த நோயாளிக்கு எதைத் தருவது? குறைந்த தகவலோடு முடிவெடுத்தே ஆக வேண்டிய இடம் அது. தம்ப்நெயிலில் உயிர் போகும் ஆபத்து இல்லை, ஆனால் கணக்கின் வடிவம் ஒன்றே.

முதல் படி, சோதனை தொடங்கும் முன் நமக்குத் தெரிந்ததை எழுதுவது. இதை முன்மதிப்பீடு என்போம். யூடியூப் தன் உதவிப் பக்கத்தில், சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு, கிளிக் விகிதம் 2 முதல் 10 சதவீதம் வரை இருக்கிறது என்று சொல்கிறது. அதைவிட நல்ல தகவல் அந்தச் சேனலின் பழைய வீடியோக்களிலேயே இருக்கும். நம் தையல் சேனலின் வீடியோக்கள் சராசரியாக 5 சதவீதத்தில் நிற்கின்றன, பெரும்பாலானவை 3.5-க்கும் 6.5-க்கும் நடுவே இருக்கின்றன என்று கொள்வோம். இந்த அறிவின் எடை, 200 இம்ப்ரெஷன்களில் 10 கிளிக் பார்த்ததற்குச் சமம். பீட்டா பரவல் என்ற கணித வடிவத்தைப் பயன்படுத்தினால் இதற்கு அடுத்த படி வெறும் கூட்டல்தான். முகப் படத்துக்கு 10-உடன் 16-ஐக் கூட்டுங்கள், 200-உடன் 400-ஐக் கூட்டுங்கள், 600-க்கு 26. பிளவுஸ் படத்துக்கு 600-க்கு 34. இதுவே பின்மதிப்பீடு. 4 சதவீதமாக இருந்தது 4.3 ஆகிறது, 6 சதவீதமாக இருந்தது 5.7 ஆகிறது. இரண்டு எண்களும் சேனலின் வழக்கமான இடத்தை நோக்கிச் சற்று இழுக்கப்பட்டிருக்கின்றன. 2 சதவீதப் புள்ளியாகத் தெரிந்த இடைவெளி 1.3 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கமே இந்த முறையின் உயிர். குறைந்த தகவலில் வரும் பெரிய வேறுபாட்டில் ஒரு பகுதி தற்செயல் என்பதை இது கணக்கிலேயே ஏற்றுக்கொள்கிறது. தகவல் பெருகப் பெருக 200-இன் எடை குறைந்து, எண்கள் தம் சொந்த இடத்தில் நிற்கும்.

இனி, பிளவுஸ் படம் உண்மையிலேயே மேலானது என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், விரிதாள் ஒன்று போதும். A நெடுவரிசையில் முகப் படத்துக்கான சூத்திரம், B-இல் பிளவுஸ் படத்துக்கானது, C-இல் இழப்பு:

```
=BETA.INV(RAND(),26,574)
=BETA.INV(RAND(),34,566)
=MAX(0,A1-B1)
```

ஒவ்வொரு சூத்திரத்திலும் உள்ள முதல் எண் கிளிக், இரண்டாவது எண் கிளிக் ஆகாதவை. இதைப் பத்தாயிரம் வரிசைகளுக்கு இழுத்துவிட்டால், ஒவ்வொரு வரிசையும் நம் தகவலோடு ஒத்துப்போகும் ஓர் உலகம். எத்தனை வரிசைகளில் B பெரிதாக இருக்கிறது என்று எண்ணினால் ஏறத்தாழ 86 சதவீதம் வரும். ஏழில் ஆறு பங்கு பிளவுஸ் படம் மேல், ஒரு பங்கு முகப் படம் மேல். பி மதிப்பு சொல்லாத ஒன்றை இது நேராகச் சொல்கிறது.

ஆனால் இந்த 86-இலேயே நின்றுவிடக் கூடாது. 86 போதுமா, 95 வேண்டுமா என்று வாதாடுவது மீண்டும் பழைய பொறியிலேயே விழுவது. தவறும் வாய்ப்பைப் போலவே, தவறினால் ஏற்படும் இழப்பின் அளவும் முக்கியம். அதற்குத்தான் C நெடுவரிசை. பிளவுஸ் படத்தைத் தேர்ந்தெடுத்து, உண்மையில் முகப் படமே மேலாக இருந்துவிட்டால், அந்த வரிசையில் எவ்வளவு விகிதம் இழக்கிறோம் என்பதை அது தருகிறது. பிளவுஸ் படம் மேலாக இருக்கும் வரிசைகளில் இழப்பு பூஜ்யம். இந்த நெடுவரிசையின் சராசரி, அடுத்த 10,000 இம்ப்ரெஷன்களுக்கு ஏறத்தாழ 9 கிளிக். மாறாக முகப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் எதிர்பார்க்க வேண்டிய இழப்பு 10,000-க்கு ஏறத்தாழ 143 கிளிக். ஒரு பக்கம் 9, மறு பக்கம் 143 என்று இருக்கும்போது, வேறுபாடு நிறுவப்படவில்லை என்ற காரணத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் பொருளில்லை. பிளவுஸ் படத்தையே வைக்க வேண்டும். அதே நேரத்தில், அது நிச்சயமாக மேலானது என்று அறிவிக்கவும் கூடாது. இரண்டு படங்களின் வேறுபாடு முகப் படத்தின் பக்கம் 1.1 புள்ளியிலிருந்து பிளவுஸ் படத்தின் பக்கம் 3.8 புள்ளி வரை எங்கும் இருக்கலாம் என்றே அதே கணக்கு சொல்கிறது. உறுதியில்லாத நிலையிலும் தெளிவாக முடிவெடுக்கலாம் என்பதே இங்கே கற்க வேண்டியது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ‘அந்த 200-உம் 10-உம் உங்கள் விருப்பப்படி போட்ட எண்கள்தானே? வேறு எண் போட்டால் வேறு விடை வருமே?’ வரும்தான், அதை மறைக்காமல் போட்டுக் காட்டுவதே சரி. முன்னறிவு எதுவும் இல்லை என்று கொண்டால் வாய்ப்பு 90 சதவீதம். 200-இன் எடை கொடுத்தால் 86. 1,000 இம்ப்ரெஷன்களில் 50 கிளிக் என்று கடுமையான எடை கொடுத்தால் 76, இடைவெளியும் 0.6 புள்ளியாகச் சுருங்கிவிடும். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கடுமையான கணக்கிலும் பிளவுஸ் படத்தைத் தேர்ந்தால் இழப்பு 10,000-க்கு 12, முகப் படத்தைத் தேர்ந்தால் 69. முடிவு மாறவில்லை, அதன் மீதுள்ள நம்பிக்கையின் அளவு மாறுகிறது. முன்மதிப்பீட்டை மாற்றும்போது முடிவே புரண்டுவிட்டால், நம் தகவல் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று பொருள். அதை அறிந்துகொள்வதும் பயனே.

இதில் இன்னும் ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று எண்களில் எது நேர்மையானது? பழைய வீடியோக்களின் விகிதங்கள் 3.5 முதல் 6.5 வரை பரவியிருப்பதற்குக் காரணம் தம்ப்நெயில் மட்டுமல்ல. தலைப்பு, பொருள், பருவம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. தீபாவளிக்கு முன் வந்த பிளவுஸ் வீடியோவும், எப்போதோ வந்த ஊசி நூல் பற்றிய வீடியோவும் வேறுபடுவது இயல்பு. ஒரே வீடியோவின் இரண்டு தம்ப்நெயில்களுக்கு நடுவே அவ்வளவு வேறுபாடு இருக்காது, ஏனென்றால் மற்றவை எல்லாம் அங்கே ஒன்றே. 200 எடையுள்ள முன்மதிப்பீடு, இரண்டு படங்கள் வழக்கமாக 2 புள்ளிக்குச் சற்று மேல் வேறுபடலாம் என்று மறைமுகமாகச் சொல்கிறது. 1,000 எடையுள்ளது, வேறுபாடு வழக்கமாக 1 புள்ளி அளவுதான் என்று சொல்கிறது. சேனல் இதற்கு முன் தம்ப்நெயில் மாற்றிய வீடியோக்களில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த விகிதங்களைப் பார்த்தால், இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கடுமையானதே பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. ஆகவே 76 சதவீதத்தையே நான் ஏற்பேன். ஓர் எச்சரிக்கை மட்டும். கடுமையான எடை தரும்போது அதன் நடுவிடம் அந்த வீடியோவுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு படங்களும் 9 சதவீதத்தை ஒட்டி ஓடும் வீடியோவில் 5-ஐ நடுவாக வைத்து இழுத்தால் கணக்கு கோணிவிடும். அங்கே இரண்டு படங்களின் கூட்டு விகிதத்தை நடுவாக வைப்பதே முறை.

இரண்டாவது மறுப்பு: ‘பேய்ஸ் முறையில் எப்போது வேண்டுமானாலும் எண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தலாமே?’ இதை ஆதரவாகச் சொல்பவர்களே அதிகம், ஆனால் இது பாதிதான் உண்மை. முன்மதிப்பீடு உண்மையோடு பொருந்தினால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் அந்தக் கணத்தின் விடை செல்லும். பொருந்தாவிட்டால் செல்லாது. 50 இம்ப்ரெஷன்களிலேயே எட்டிப் பார்க்கிறோம், முகப் படத்துக்கு 1 கிளிக், பிளவுஸ் படத்துக்கு 4 என்று வையுங்கள். முன்னறிவு இல்லை என்று கொண்ட கணக்கு உடனே 90 சதவீதத்தை ஒட்டிப் பேசும். 200 எடையுள்ள கணக்கு 73 என்று சொல்லும், 1,000 எடையுள்ளது 62 என்று சொல்லும். மணிக்கு மணி பார்த்து, 90-ஐத் தொட்டவுடன் நிறுத்துபவர் முதல் கணக்கைப் பயன்படுத்தினால் மூன்று கிளிக் வேறுபாட்டில் ஏமாந்துவிடுவார். ஆகவே நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 10,000-க்கு 10 கிளிக்குக்கும் குறைவான இழப்பு என்று வந்தால் நிறுத்துவோம் என்பது ஒரு நல்ல விதி. நம் எடுத்துக்காட்டில் மென்மையான கணக்கு 9 என்று நிறுத்தச் சொல்கிறது, கடுமையானது 12 என்று இன்னும் சிறிது ஓடவிடச் சொல்கிறது. ஓடவிடும் நேரத்தில் பெரும்பங்கு இம்ப்ரெஷன்களைப் பிளவுஸ் படத்துக்கே தரலாம். வாய்ப்பு எவ்வளவோ அந்த அளவில் பங்கிடுவது என்ற இந்த எண்ணத்தையும் தாம்சன் 1933-லேயே முன்வைத்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. இரண்டு படங்களும் ஒரே வகையான பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம், பானையில் உள்ள எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்தவை என்பதால் அது சரி. யூடியூப் இம்ப்ரெஷன்கள் ஒரே பானையில் வெந்தவை அல்ல. வீடியோ வெளியான முதல் நாட்களில் சேனலைப் பின்தொடர்பவர்களே அதிகம் பார்க்கிறார்கள், அவர்கள் எளிதாகக் கிளிக் செய்வார்கள். பிறகு வீடியோ அறிமுகம் இல்லாதவர்களின் முகப்புப் பக்கத்துக்குப் போகும்போது விகிதம் இறங்குவது வழக்கம். முதல் இரண்டு நாள் ஒரு படம், அடுத்த ஒரு வாரம் இன்னொரு படம் என்று வைத்தால், கணக்கு படங்களை ஒப்பிடாது, பார்வையாளர்களை ஒப்பிடும். எந்த முன்மதிப்பீடும் இந்தக் கோளாறைச் சரிசெய்யாது. தகவல் பெருகினால் தவறான விடையின் மேல் உறுதி கூடும், அவ்வளவுதான். இதற்கு மருந்து, முதல் அலை அடங்கிய பின் நாள் மாற்றி நாள் படத்தை மாற்றுவதும், முகப்பு, தேடல், பரிந்துரை என்று வரும் வழிகளைப் பிரித்து ஒவ்வொன்றிலும் திசை ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். இன்னொரு சோதனையும் உண்டு. நாளொன்றுக்கு 100 இம்ப்ரெஷன், 5 சதவீத விகிதம் என்றால் ஒரு நாளின் கிளிக்குகள் பெரும்பாலும் 1-க்கும் 9-க்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரே படம் ஒரு நாள் 0, இன்னொரு நாள் 15 என்று தாவினால், தற்செயலைத் தவிர வேறு ஏதோ புகுந்துவிட்டது. அப்போது நம் 400 இம்ப்ரெஷன்களுக்கு 400-இன் மதிப்பு இல்லை, அதைவிடக் குறைவாகவே நம்ப வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, கிளிக்கே இலக்கு அல்ல என்பது. உண்மை. யூடியூப் தானே தரும் தம்ப்நெயில் ஒப்பீட்டு வசதி, மூன்று படங்கள் வரை ஒரே காலத்தில் பிரித்துக் காட்டி, கிளிக் விகிதத்தை வைத்து அல்லாமல் பார்த்த நேரத்தின் பங்கை வைத்தே வெற்றியைச் சொல்கிறது. கிளிக்கைத் தூண்டிவிட்டு ஏமாற்றும் படத்தைத் தவிர்க்க அது நல்ல அளவுகோல். ஆனால் சிறிய சேனலுக்கு ஒரு தடை இருக்கிறது. பார்த்த நேரம் என்பது கிளிக் செய்தவர்களிடமிருந்து மட்டுமே கிடைப்பது. நம் கணக்கில் அது 16 பேரும் 24 பேரும். ஒருவர் முழு வீடியோவையும் பார்த்துவிட்டால் சராசரியே நகர்ந்துவிடும். எனவே சில நூறு இம்ப்ரெஷன்களில், கிளிக் விகிதத்தை வைத்து முடிவெடுத்து, பார்த்த நேரம் பெரிதாகச் சரியவில்லை என்பதை மட்டும் சரிபார்ப்பதே இயலக்கூடியது. படம் வீடியோவில் உண்மையாக இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது கணக்கைச் சார்ந்ததல்ல, அது செய்பவரின் பொறுப்பு.

இப்படி ஒவ்வொரு ஒப்பீட்டையும் எழுதி வைத்தால், காலப்போக்கில் அந்தச் சேனலுக்கு மட்டுமே உரிய ஓர் அறிவு சேரும். தன் தம்ப்நெயில்கள் ஒன்றுக்கொன்று வழக்கமாக எவ்வளவு வேறுபடுகின்றன என்ற எண்ணே அது. அடுத்த சோதனையின் முன்மதிப்பீடு அதிலிருந்தே வரும். அந்த எண் அரைப் புள்ளி என்று தெரிந்தால் ஒரு நடைமுறை முடிவும் உடன் வரும். அரைப் புள்ளி வேறுபாட்டைச் சில நூறு இம்ப்ரெஷன்களில் காண முடியாது, 31,000 வேண்டும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே எழுத்தின் நிறத்தை மாற்றி, அம்புக்குறியைச் சற்று நகர்த்தி ஒப்பிடுவதில் சிறிய சேனல் தன் இம்ப்ரெஷன்களைச் செலவிடக் கூடாது. முகத்துக்கு எதிராகப் பிளவுஸ், பொருளுக்கு எதிராகச் செய்முறை என்று, எண்ணமே வேறான இரண்டு படங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். நானூறு இம்ப்ரெஷன்களுக்குக் கேட்கக்கூடிய குரல் பெரிய வேறுபாட்டின் குரல் மட்டுமே. அந்த அளவுக்குப் பெரிய கேள்வியைக் கேட்பவருக்கு அவை பதில் சொல்லும்.